கூரையிலிருந்து விழுந்த சில்லு: என் ஆய்வுக்கு மூன்று நிமிட உரை எழுதிய கதை

கட்டுமானப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, பொதுமக்கள் முன்னிலையில் ஆய்வை மூன்று நிமிடத்தில், தமிழில் விளக்க வேண்டும் என்று எங்கள் துறையில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியின் விதிகளையே இதற்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அசையாத ஒரே ஒரு படத்தைத் திரையில் காட்டலாம். கையில் எந்தப் பொருளையும் கொண்டுவரக் கூடாது. பாட்டாகவோ கவிதையாகவோ சொல்லக் கூடாது. மூன்று நிமிடத்தை ஒரு விநாடி தாண்டினாலும் உரை கணக்கில் வராது. கடற்கரைக் கட்டடங்களில் கான்கிரீட்டுக்குள் உப்பு எப்படி ஊடுருவுகிறது, சுட்ட களிமண் கலந்த சிமெண்ட் அதை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதே என் ஆய்வு. அந்த உரையை எழுதி முடிக்க எனக்கு ஐந்து வாரங்களும் ஒன்பது வரைவுகளும் ஆயின.

முதல் வரைவை ஆய்வேட்டின் அறிமுக இயலிலிருந்து சுருக்கி எடுத்தேன். உலகில் ஆண்டுதோறும் எவ்வளவு சிமெண்ட் உற்பத்தியாகிறது என்று தொடங்கி, அரிமானத்தின் வரையறை, முந்தைய ஆய்வுகள், என் ஆய்வு நிரப்பும் இடைவெளி, சோதனை முறை, முடிவு என்று அது வரிசையாகச் சென்றது. கைப்பேசியில் பதிவு செய்து நேரம் பார்த்தபோது ஐந்து நிமிடம் பத்து விநாடி வந்தது. வேகமாகப் பேசினால் சரியாகிவிடும் என்று எண்ணி மறுபடி பதிவு செய்தேன். நான்கரை நிமிடம் ஆனதோடு, என் குரலை எனக்கே பின்தொடர முடியவில்லை. ஆகவே முதலில் என் பேச்சின் வேகத்தை அளந்தேன். தெரிந்த ஒரு பத்தியை எதிரில் ஒருவர் இருப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 85 சொற்கள் வருகின்றன. ஆங்கில உரைகளுக்குச் சொல்லப்படும் எண்ணிக்கை நமக்குப் பொருந்தாது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளமானவை, எண்ணிக்கையில் குறைவானவை. மேடையில் தடுமாறவும் மூச்சு வாங்கவும் பதினைந்து விநாடியை விட்டுவிட்டால், எனக்குக் கிடைப்பது சுமார் 235 சொற்கள். என் முதல் வரைவில் 440 இருந்தன.

பாதிக்குப் பாதி வெட்டிய இரண்டாம் வரைவை, ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவிடம் சொல்லிக்காட்டினேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். மறுநாள் காலை, நேற்று நான் என்ன சொன்னேன் என்று அவரையே திருப்பிச் சொல்லக் கேட்டபோது, "சிமெண்ட்டைப் பத்தி ஏதோ சொன்னே, நல்லதுதான் சொன்னே" என்றார். பின்னர் எழுதிய ஒவ்வொரு வரைவுக்கும் இந்த ஒரு சோதனையைத்தான் வைத்துக்கொண்டேன்: துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் சொல்வது, ஓர் இரவு கழிந்தபின் அவர் வாயால் கேட்பது. பாராட்டை நம்ப முடியாது. ஆனால் ஒருவர் திருப்பிச் சொல்லும்போது எது விழுந்துபோகிறது, எது உருமாறுகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டு வேண்டும் என்பது அப்போது உறைத்தது. முதலில் மனத்தில் வந்தவை இரண்டுமே புகழ்பெற்றவை, இரண்டுமே பிழையானவை. ஒன்று, இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கடலில் நிற்கும் ரோமானியத் துறைமுகக் கான்கிரீட். கேட்பவர்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும். ஆனால் அந்தக் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பியே கிடையாது. கம்பி இல்லாத இடத்தில் துரு ஏது? என் ஆய்வின் கேள்வியே எழாத ஒன்றை என் ஆய்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாது. மற்றொன்று 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம். உப்புக்காற்று என்றதும் தமிழர் யாருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் அங்கே ரயிலைத் தாங்கியது வெளிப்படையாகக் காற்றில் நிற்கும் எஃகு. அதைச் சாயம் பூசிக் காக்கலாம், துருவைக் கண்ணால் பார்க்கலாம். என் சிக்கல், கண்ணுக்குத் தெரியாமல் கான்கிரீட்டுக்குள் நடப்பது. பாலத்தைச் சொல்லித் தொடங்கினால் அரை நிமிடத்தை அந்த வேறுபாட்டை விளக்கியே செலவிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நாகப்பட்டினத்தை அடுத்த கடலோர ஊரில் எங்கள் தாத்தா 1994-இல் கட்டிய வீட்டின் தாழ்வாரக் கூரையிலிருந்து 2017-இல் ஒரு சில்லு பெயர்ந்து, அவர் வழக்கமாக உட்காரும் சாய்வு நாற்காலியில் விழுந்தது. நல்ல வேளையாக அவர் அப்போது தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். அந்தச் சில்லில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருந்தேன். பின்னாளில் நான் இந்தத் துறைக்கு வர அதுவும் ஒரு காரணம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தக் கதையோடு எழுதிய நான்காம் வரைவை நண்பர் ஒருவரின் தங்கையிடமும், எங்கள் விடுதிக்குப் பால் கொண்டுவருபவரிடமும் சொன்னேன். மறுநாள் இருவருக்கும் தாத்தா நினைவிருந்தார்; நாற்காலி நினைவிருந்தது; அவருக்கு அடிபட்டதா என்று இருவருமே கேட்டார்கள். உப்பு இருவருக்குமே நினைவில்லை. எடுத்துக்காட்டு நினைவில் நிற்பதும் அது சுமந்துவந்த செய்தி நிற்பதும் வேறு வேறு என்பதை அன்று கண்டேன். என் வரைவில் அச்சம் நாற்காலியின் மேல் இருந்தது. ஆய்வு வேறெங்கோ இருந்தது. நாற்காலியை நீக்கிவிட்டு, மேசையில் கிடந்த சில்லை எடுத்து நெடுநேரம் பார்த்தேன். அதன் ஒரு முகத்தில் சுண்ணாம்பு வெள்ளை. மறு முகத்தில், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு துருத் தடம், கம்பி படிந்திருந்த இடம். இரண்டுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர். வேலைத்தளத்தில் இதைத்தான் கவர் என்கிறார்கள். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன். கடலோரம் போன்ற கடுமையான சூழலுக்கு நம் நாட்டு விதிநூலான ஐ.எஸ். 456 குறைந்தது 45 மில்லிமீட்டர் கேட்கிறது. உப்பு கம்பியை அடைய நடக்க வேண்டிய தூரம் எவ்வளவோ, அவ்வளவே அந்தச் சில்லின் தடிமன். என் ஆய்வேட்டின் பொருள் முழுவதும் அந்தத் தடிமனுக்குள்தான் இருக்கிறது. இனிக் கதையில் நினைவில் நிற்க வேண்டியது சில்லின் தடிமனே என்று முடிவு செய்தேன்.

நெறியாளரிடம் காட்டியபோது அவர் முதல் வரியிலேயே நிறுத்தினார். "அந்த வீட்டுக் கூரையைக் கெடுத்தது காற்றில் வந்த உப்புதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடலோர ஊர்களில் உவர்நீரிலேயே கான்கிரீட் கலக்கும் வழக்கம் உண்டு. அப்படியானால் உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கும், எங்கும் நடந்திருக்காது. அல்லது உப்பே காரணமாக இல்லாமல், காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தைக் குறைத்ததால் துரு வந்திருக்கலாம். மேடையில் இதை யாரும் கேட்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனாலும் என் சொந்த எடுத்துக்காட்டுக்கு என்னிடமே விடை இல்லாமல் எப்படிச் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். தாழ்வாரக் கூரையில் இன்னும் பெயராத ஓர் இடத்தில், மேற்பரப்பிலிருந்து மூன்று மூன்று மில்லிமீட்டராகத் துளையிட்டு, ஒவ்வோர் ஆழத்தின் பொடியையும் தனித்தனிப் பையில் எடுத்தேன். பக்கத்தில் ஒரு சிறு பகுதியை உடைத்து, புதிய முகத்தில் பினால்ப்தலீன் தெளித்தேன். காரம் இருக்கும் இடத்தில் அது இளஞ்சிவப்பாகும். காரம் போன இடத்தில் நிறம் மாறாது. வெளிமுகத்திலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் வரை நிறமற்றும், அதற்கு உள்ளே நல்ல சிவப்பாகவும் இருந்தது. கம்பி வரை காரம் இழக்கப்படவில்லை. பொடிகளை ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலால் தரம் பார்த்தபோது, உப்பு வெளிப்பக்கத்தில் மிகுந்தும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருந்தது. கலக்கும்போதே சேர்ந்த உப்பு என்றால் எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்திருக்கும். இந்த வேலை எதுவும் உரையில் ஒரு சொல்லாகக்கூட இடம்பெறவில்லை. ஆனால் "காற்றில் வந்த உப்பு" என்று மூன்றே சொல்லை எழுதும் உரிமை அதனால்தான் கிடைத்தது.

நெறியாளர் அடித்த அடுத்த வரி, "23 ஆண்டுகளில் உப்பு ஒன்றரை சென்டிமீட்டர் நடந்தது" என்பது. கூரை பெயர்ந்தது இருபத்து மூன்றாம் ஆண்டில். உப்பு கம்பியைத் தொட்டது அதற்குப் பல ஆண்டுகள் முன்பாக இருக்கும். தொட்டபின் துரு வளர்ந்து, பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கத் தனியாகக் காலம் வேண்டும். எந்த ஆண்டு தொட்டது என்று கணிக்க என்னிடம் வழியில்லை. ஆகவே ஆண்டுக் கணக்கையே எடுத்துவிட்டேன்.

உவமையிலும் ஒரு தவறு செய்திருந்தேன். "கான்கிரீட் கம்பிக்குப் பிடித்த குடை" என்று எழுதியிருந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. ஏனென்றால் மறுநாள் அவர்கள் சொன்னது, "தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் கம்பி துருப்பிடிக்காது" என்பது. கான்கிரீட் நீரைத் தடுத்துக் கம்பியைக் காப்பதில்லை. அதன் துளைகளில் எப்போதும் ஈரம் உண்டு. அந்த ஈரம் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் இரும்பின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருவை நிறுத்திவைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைக் குத்திக் கிழிக்கிறது. குடையை விட்டுவிட்டு இதையே ஒரு புதிராக்கினேன்: தெருவில் கிடக்கும் கம்பி ஒரே மழையில் துருப்பிடிக்கிறது, ஈரமான கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் பிடிப்பதில்லை? தாங்கள் அன்றாடம் பார்த்தும் ஒருபோதும் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது என்பதால், கேட்பவர்கள் விடைக்குக் காத்திருந்தார்கள்.

முடிவைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. சிமெண்ட்டின் மூலப்பொருளாகச் சூளையில் சுட்டெடுக்கும் கட்டியான கிளிங்கரில் ஏறக்குறைய பாதியைக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்த கலவை ஒருபுறம்; வழக்கமான கலவை மறுபுறம். லிட்டருக்கு 165 கிராம் உப்பு கரைத்த நீரில் இரண்டையும் ஒரே காலம் ஊறவைத்து, பிளந்து, வெள்ளி நைட்ரேட் தெளித்துப் பார்த்தால், உப்பு சென்ற ஆழம் வெள்ளையாகவும் மற்றது பழுப்பாகவும் தெரியும். வழக்கமான துண்டில் வெள்ளைப் பட்டை 18 மில்லிமீட்டர். களிமண் கலந்ததில் 6. பரவல் விதிப்படி, ஆழம் மூன்றில் ஒன்றானால் அதே தூரத்தைக் கடக்க ஆகும் காலம் மூன்றின் வர்க்கமாக, ஒன்பது மடங்காகும். "களிமண் கலந்தால் கட்டடம் ஒன்பது மடங்கு காலம் நிற்கும்" என்ற வரியை எழுதி, அதன் அழகில் ஒரு வாரம் மயங்கிக் கிடந்தேன். அது பொய். நிஜக் கட்டடத்தில் விரிசல் உண்டு. வழக்கமான கான்கிரீட்டின் துளைகளும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஓரளவு நெருங்கிவிடும். என் கலவையில் சுண்ணாம்பின் கையிருப்பு குறைவு என்பதால் கரியமில வாயு அதற்குள் விரைவாக நுழையும். ஒரு பெருக்கல் இத்தனையையும் விழுங்கிவிடுகிறது. ஆகவே அளந்ததை மட்டும், அதையும் எண்ணாகச் சொல்லாமல் கையில் இருக்கும் அளவாகச் சொல்வதென்று தீர்மானித்தேன்: 18 மில்லிமீட்டர் ஏறக்குறைய ஒரு கட்டைவிரலின் அகலம்; 6 மில்லிமீட்டர் ஓர் அரிசியின் நீளம். திருப்பிச் சொல்லும் சோதனையில் அதற்குப் பிறகு அரிசி ஒருமுறைகூட விழுந்துபோகவில்லை.

வெள்ளைப் பட்டை முடியும் இடத்தில் உப்பு முற்றிலும் இல்லாமல் போவதில்லை, ஒரு குறிப்பிட்ட செறிவுக்குக் கீழே போகிறது என்பதே துல்லியமான கூற்று. இதை மட்டும் எளிமையாக்க ஒப்புக்கொண்டேன். கேட்பவரின் புரிதலை அது தவறான திசையில் கொண்டுபோவதில்லை.

திரையில் காட்ட அந்த இரு துண்டுகளின் படத்தையே எடுத்துக்கொண்டேன். சில்லின் படத்தை வைக்கலாமா என்றும் எண்ணினேன்; ஆனால் சில்லைச் சொல்லாலேயே காட்டிவிட முடியும், உப்பின் ஆழத்தை முடியாது. படத்தில் எழுத்து எதுவும் வைக்கவில்லை. வெள்ளி உப்பு வெளிச்சத்தில் கறுக்கும் என்பதால் தெளித்த கால் மணி நேரத்துக்குள் படமெடுக்க வேண்டும். இதை மறந்து முதல் இரண்டு துண்டுகளை வீணாக்கினேன்.

ஒன்பதாம் வரைவு இது:

"எங்கள் தாத்தா வீட்டுக் கூரையிலிருந்து ஒரு நாள் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. தோசைக்கல் அகலம், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன். அதன் உட்புறத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல, நேராக ஒரு துருத் தடம்.

வீடு கட்டும் இடத்தில் தெருவோரம் கிடக்கும் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மழை போதும், செம்மண் நிறமாகிவிடும். அதே கம்பி கான்கிரீட்டுக்குள் போனபின் பல பத்தாண்டுகள் துருப்பிடிக்காமல் இருக்கிறது. உள்ளே ஈரம் இல்லையா? இருக்கிறது. காற்று இல்லையா? அதுவும் இருக்கிறது. பிறகு ஏன் துருப்பிடிப்பதில்லை?

சிமெண்ட்டில் சுண்ணாம்பின் காரம் உண்டு. அந்தக் காரத்தில் இரும்பு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. தோல் இருக்கும்வரை துரு இல்லை. அதைக் கிழிக்கக்கூடிய ஒன்று நம் எல்லாருடைய சமையலறையிலும் இருக்கிறது. உப்பு.

தாத்தா வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். காற்றில் வந்த உப்பு கூரையில் படிந்து, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல மெல்ல உள்ளே நடந்தது. கம்பியைத் தொட்டது. தோல் கிழிந்தது. துரு வந்தது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். கிடைக்காதபோது அது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். விழுந்த சில்லின் தடிமன் இருக்கிறதே, அதுதான் உப்பு நடந்த தூரம்.

அந்த நடையைத் தாமதப்படுத்த முடியுமா என்பதே என் ஆய்வு. சிமெண்ட்டில் ஏறக்குறைய பாதியைக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்க்கிறேன். அவை நுண்துளைகளை நெருக்குகின்றன.

படத்தைப் பாருங்கள். இரண்டு துண்டுகளும் கடலைவிட நான்கு மடங்குக்கு மேல் உப்பான நீரில் ஒரே நாளில் இறங்கி, ஒரே நாளில் ஏறியவை. வெள்ளையாக இருப்பது உப்பு சென்ற ஆழம். இடப்பக்கம், வழக்கமான கான்கிரீட்: ஒரு கட்டைவிரல் அகலம். வலப்பக்கம், களிமண் கலந்தது: ஓர் அரிசியின் நீளம்.

இது ஆய்வகம். இங்கே விரிசல் இல்லை; வெயில் இல்லை. அதனால் இதே கலவைத் துண்டுகளைக் கடற்கரையில் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒன்றாக உடைத்து, உப்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

ஒத்திகையில் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி வந்தது. தாளில் மூன்று இடங்களில் மட்டும் நேரம் குறித்துக்கொண்டேன்: "உப்பு" என்ற ஒற்றைச் சொல் முடியும்போது ஒரு நிமிடம் பத்து விநாடி, "நடந்த தூரம்" என்பதில் ஒன்று ஐம்பது, "படத்தைப் பாருங்கள்" என்பதில் இரண்டு நிமிடம் ஐந்து விநாடி. முதல் குறியிலேயே நேரம் தாண்டியிருந்தால் கடற்கரைத் துண்டுகளைப் பற்றிய வரியைச் சுருக்கிச் சொல்வதென்று முன்னதாகவே முடிவு செய்திருந்தேன். என்ன ஆனாலும் "இது ஆய்வகம்" என்ற பகுதியை மட்டும் விடுவதில்லை.

மேடையில் இரண்டு நிமிடம் ஐம்பத்து மூன்று விநாடி ஆயிற்று. "உப்பு" என்றதும் அவையில் சிலர் சிரித்தார்கள். அதற்கு நான் இடம் விட்டிருக்கவில்லை. பரிசு வேறொருவருக்குக் கிடைத்தது. மண்புழுக்களைப் பற்றிய அவருடைய உரை உண்மையிலேயே என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும், அரங்கில் ஒலிபெருக்கி அமைக்க வந்திருந்த ஒருவர் அருகில் வந்து, அவர் ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் கவர் கிடைப்பதற்காகக் கம்பிக்கு அடியில் எவ்வளவு கனத்துக்குக் கட்டை வைத்திருக்கிறார்கள் என்று கொத்தனாரிடம் கேட்க வேண்டும் என்றார். களிமண்ணைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை இந்த உரையைச் சொல்ல நேர்ந்தால், ஐந்தாம் பத்தியில் அந்தக் கட்டைக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும்; அதற்காக எதை வெட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.